போலீஸ் உங்களைச் சாட்சியாக விசாரித்தால்... வாக்குமூலத்தில் கையெழுத்து போட வேண்டுமா? சட்டம் சொல்வது என்ன?

கண் முன்னால் ஒரு அடிதடி நடக்கிறது. மறுநாள் ஸ்டேஷனில் இருந்து போன் வருகிறது. "நீங்க அங்க இருந்தீங்களாமே, ஒரு ஸ்டேட்மென்ட் கொடுத்துட்டுப் போங்க" என்கிறார் எதிர்முனையில் பேசும் காவலர். பெரும்பாலானவர்களுக்குப் பயம் தொடங்கும் இடம் இதுதான். போகவில்லை என்றால் கைது செய்வார்களா? போனால் என்னென்ன கேட்பார்கள்? எழுதி வைத்திருக்கும் காகிதத்தில் கையெழுத்து கேட்டால் என்ன செய்வது?

2024 ஜூலை 1-ம் தேதி முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில் இருக்கிறது. கோர்ட்டிலும் ஸ்டேஷனிலும் பலர் இன்னும் "161 ஸ்டேட்மென்ட்" என்றே சொல்கிறார்கள். புதிய சட்டத்தில் அது 180-வது பிரிவு. எண் மாறினாலும், சாட்சிக்கு என்ன கடமை, என்ன கடமை இல்லை என்ற அடிப்படை பெரிதாக மாறவில்லை.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். பஸ் ஸ்டாண்ட் அருகே டீக்கடை வைத்திருப்பவர், வயது 61. ஒருநாள் இரவு ஒன்பதரை மணிக்குக் கடைக்குப் பின்னால் சத்தம் கேட்டு ஓடி வருகிறார். ஒரு இளைஞர் ரத்தக் காயத்துடன் கிடக்கிறார். இரண்டு பேர் ஓடுகிறார்கள், அதில் ஒருவர் சிவப்புச் சட்டை. கத்தியால் குத்தியதை டீக்கடைக்காரர் பார்க்கவில்லை. ஓடியவர்களைத்தான் பார்த்தார். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் எவ்வளவு பெரிதாகும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

போன் செய்தால் போக வேண்டுமா?

சாட்சியை வரவழைக்கும் அதிகாரம் பி.என்.எஸ்.எஸ். 179-வது பிரிவில் இருக்கிறது. அதன்படி அழைப்பு எழுத்துபூர்வமான உத்தரவாக இருக்க வேண்டும். அதை அனுப்புபவர் அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரியாக இருக்க வேண்டும். அழைக்கப்படுபவர் அந்த ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ, அதை ஒட்டிய ஸ்டேஷன் எல்லைக்குள்ளோ இருப்பவராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போயே ஆக வேண்டும்.

போனில் கூப்பிடுவது எழுத்துபூர்வ உத்தரவு ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் நோட்டீஸ் குறித்தும் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. சட்டம் சொல்லும் வழியில்தான் நோட்டீஸைச் சேர்ப்பிக்க வேண்டும், அதற்கு மாற்றாக வாட்ஸ்அப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறி, அதற்கேற்ப காவல் துறைக்கு நிலையாணை வெளியிடும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அதற்காக போன் வந்தால் போகவே கூடாது என்று அர்த்தமில்லை. விருப்பப்பட்டுப் போகலாம், பலரும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் போகாததற்காகத் தண்டிக்க வேண்டும் என்றால் முறையான உத்தரவு இருந்திருக்க வேண்டும். "சார், நோட்டீஸ் கொடுங்க, வந்துடறேன்" என்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை.

முறையான உத்தரவு வந்த பிறகும் காரணமில்லாமல் போகாமல் இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 208-வது பிரிவின்படி ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதையும் போலீஸ் தானாக விதிக்க முடியாது. சம்பந்தப்பட்ட அதிகாரி கோர்ட்டில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, கோர்ட்தான் முடிவு செய்ய வேண்டும்.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்பதை. 179 என்றால் சாட்சி. 35(3) என்று இருந்தால், குற்றம் செய்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் அழைக்கிறார்கள் என்று பொருள். அப்படி இருந்தால் தனியாகப் போகாமல், முதலில் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

யாரெல்லாம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை?

பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், உடல் அல்லது மனநல மாற்றுத்திறனாளிகள், கடும் நோயால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வரச் சொல்ல முடியாது. போலீஸ்தான் வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் முதியவர்களுக்கான வயது வரம்பு 65 ஆக இருந்தது. புதிய சட்டம் அதை 60 ஆகக் குறைத்ததுடன், கடும் நோயுற்றவர்களையும் பட்டியலில் சேர்த்தது.

நம் டீக்கடைக்காரருக்கு 61 வயது. பழைய சட்டமாக இருந்தால் அவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்திருக்கும். இப்போது "வீட்டுக்கு வந்து கேளுங்க சார்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தானே விரும்பி ஸ்டேஷனுக்குப் போனால் அதற்கும் சட்டம் அனுமதி தருகிறது.

இந்த விதியை மீறியதை உச்ச நீதிமன்றம் கண்டித்த புகழ்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதியை விசாரணைக்காக காவல் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். 1978-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணை அப்படி ஸ்டேஷனுக்கு அழைத்ததே சட்டத்துக்கு எதிரானது என்று சொன்னது.

என்னென்ன கேட்பார்கள்? எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

பெயர், தந்தை பெயர், வயது, தொழில், முகவரியில் விசாரணை தொடங்கும். பிறகு சம்பவம். எங்கே நின்றீர்கள், எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா, யாரைப் பார்த்தீர்கள், முன்பே தெரிந்தவர்களா, மறுபடி பார்த்தால் அடையாளம் காட்ட முடியுமா என்ற வரிசையில் கேள்விகள் வரும்.

வழக்கு சம்பந்தமான கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்வது சாட்சியின் கடமை. 180-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இந்த இடத்தில் சத்தியப்பிரமாணம் வாங்குவதில்லை. அதற்காகப் பொய் சொல்லலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் இந்தக் கடமைக்கு ஒரு எல்லை இருக்கிறது. பதில் சொன்னால் தன் மேலேயே குற்ற வழக்கோ, அபராதமோ வரும் என்ற நிலை இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடைக்காரர் கடையில் தடை செய்யப்பட்ட குட்காவையும் விற்பவர் என்று வைத்துக்கொள்வோம். "ராத்திரி அந்த நேரத்துல கடைப் பின்னாடி என்ன வித்துட்டு இருந்தீங்க?" என்று அதிகாரி கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்கு அவர் பதில் சொல்ல மறுக்கலாம். ஆனால் இதைக் காரணம் காட்டி, ஓடியவர்களைப் பார்த்தது பற்றிய கேள்விகளுக்கும் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. இந்த உரிமை கேள்விக்குக் கேள்வி பொருந்தும், ஒட்டுமொத்த விசாரணைக்கும் பொருந்தாது.

மிரட்டியோ, ஆசை காட்டியோ, வாக்குறுதி கொடுத்தோ பதில் வாங்கக் கூடாது என்று 182-வது பிரிவு சொல்கிறது. "இப்படிச் சொல்லலைன்னா உன்னையும் கேஸ்ல சேர்த்துடுவேன்" என்பதும் இதில் அடங்கும். உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை போன்றவற்றை யாருக்கும் கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாது என்று செல்வி வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டுமல்ல, சாட்சிக்கும் பொருந்தும்.

'ஒரு கையெழுத்து போடுங்க' என்றால்?

சாட்சிகளில் பலருக்குத் தெரியாத விதி இதுதான். விசாரணையின்போது போலீஸ் அதிகாரியிடம் சொன்னதை எழுதி வைத்தால், சொன்னவர் அதில் கையெழுத்து போடக் கூடாது என்று 181-வது பிரிவு நேரடியாகச் சொல்கிறது. போட்டாலும் போடலாம், போடாமலும் இருக்கலாம் என்ற கதை இல்லை. அதைக் கேட்கவே கூடாது. கைநாட்டுக்கும் இதே நிலைதான்.

காரணம் எளிது. ஸ்டேஷனில், போலீஸ் முன்னிலையில் சொன்னதற்குச் சாட்சியைக் கையெழுத்தால் கட்டிப்போட்டால், நாளை கோர்ட்டில் அவர் சுதந்திரமாகப் பேச முடியாது. எழுதியது தப்பாக இருந்தாலும் "கையெழுத்து போட்டுட்டோமே" என்று பயந்து அதையே சொல்வார். அதைத் தடுக்கவே இந்த விதி.

அப்படியும் வாங்கிவிட்டால்? பயப்படத் தேவையில்லை. கையெழுத்து இருப்பதால் அந்த வாக்குமூலத்துக்குக் கூடுதல் பலம் எதுவும் வந்துவிடாது. அதே நேரம், கையெழுத்து வாங்கியதாலேயே அந்தச் சாட்சி பின்னால் கோர்ட்டில் சொல்வது செல்லாததாகியும் விடாது. எவ்வளவு நம்பலாம் என்பதை நீதிபதி எடைபோடுவார். வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடக் கூடாது.

இதில் ஒரு குழப்பம் வர வாய்ப்பு உண்டு. போலீஸ் கேட்கும் எல்லாக் கையெழுத்தும் தவறானது அல்ல. நீங்களே புகார் கொடுத்தால் அந்தப் புகாரில் கையெழுத்து போட வேண்டும். சம்பவ இடத்தைப் பார்வையிட்டு எழுதும் பார்வை மகஜர், கத்தி போன்ற பொருட்களைக் கைப்பற்றும்போது எழுதும் மகஜர் ஆகியவற்றில் உடன் இருந்த சாட்சிகள் கையெழுத்து போடுவது வழக்கமான நடைமுறை. நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கும் கையெழுத்து கேட்பார்கள். ஆகவே போடும் முன் தாளின் தலைப்பைப் படிக்க வேண்டும். மகஜர் என்றால், அதில் எழுதியிருப்பது உங்கள் கண் முன்னால் நடந்ததா என்று பார்த்த பிறகு போடலாம்.

எழுதியதைத் திருத்த முடியுமா?

பெரும்பாலும் சாட்சி பேசப் பேச, ஸ்டேஷன் ரைட்டரோ எஸ்.ஐ.யோ தங்கள் நடையில் எழுதுவார்கள் அல்லது டைப் செய்வார்கள். தப்பு நுழைவது பெரும்பாலும் இங்கேதான். "ஓடுறதைப் பார்த்தேன்" என்று டீக்கடைக்காரர் சொன்னது, "இருவரும் கத்தியால் குத்திவிட்டு ஓடியதை நேரில் பார்த்தேன்" என்று தாளில் ஏறிவிடலாம்.

ஒவ்வொரு சாட்சியின் வாக்குமூலத்தையும் தனித்தனியாக, சொன்னது சொன்னபடி பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். நாலு பேருடைய வாக்குமூலமும் ஒரே வாக்கியங்களில் இருந்தால் கோர்ட்டில் சந்தேகம் எழும். வாக்குமூலத்தை ஆடியோ, வீடியோவிலும் பதிவு செய்யலாம். அது அதிகாரியின் விருப்பம், கட்டாயம் இல்லை. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் வாக்குமூலத்தை மட்டும் பெண் போலீஸ் அதிகாரியோ, வேறு பெண் அதிகாரியோதான் பதிவு செய்ய வேண்டும்.

எழுதி முடித்ததும் "ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேட்கலாம். மூன்று விஷயங்களைக் கவனித்துக் கேட்க வேண்டும். நேரில் பார்த்ததும், மற்றவர் சொல்லிக் கேட்டதும் தனித்தனியாக இருக்கிறதா? நீங்கள் சொல்லாத பெயர் எதுவும் சேர்ந்திருக்கிறதா? நீங்கள் சொன்ன முக்கியமான விஷயம் எதுவும் விடுபட்டிருக்கிறதா? தெரியாததைத் தெரியாது என்றும், உறுதியில்லாத நேரத்தைச் "சுமார்" என்றும் எழுதச் சொல்லலாம்.

இந்தக் கட்டத்தில் சாட்சிக்கு நகல் கொடுக்கும் வழக்கம் இல்லை. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு அதன் நகல் குற்றம் சாட்டப்பட்டவருக்கும், வழக்கறிஞர் வைத்திருந்தால் பாதிக்கப்பட்டவருக்கும்தான் போகும். எனவே என்ன தேதி, எத்தனை மணி, யார் விசாரித்தார், என்ன சொன்னோம் என்பதை வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது பின்னால் கைகொடுக்கும். தவறாக எழுதியிருப்பது தெரிந்தும் திருத்த மறுத்தால், "நான் சொன்னது இதுதான்" என்று விசாரணை அதிகாரிக்கும் மாவட்ட எஸ்.பி. அல்லது மாநகர கமிஷனருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பலாம். அந்த ரசீது பத்திரமாக இருக்க வேண்டும்.

கோர்ட்டில் இந்த வாக்குமூலம் என்ன ஆகும்?

போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. சாட்சி கோர்ட்டில் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம். ஸ்டேஷனில் எழுதியது, கோர்ட்டில் சொல்வதற்கு முரணாக இருக்கிறதா என்று காட்டுவதற்கு மட்டுமே பயன்படும்.

டீக்கடைக்காரரின் கதையில் இது இரண்டு விதமாக நடக்கலாம். முதலாவது, தாளில் "குத்தியதைப் பார்த்தேன்" என்று இருக்கிறது. கோர்ட்டில் அவர் உண்மையைச் சொல்கிறார், "ஓடியதை மட்டும்தான் பார்த்தேன்" என்று. அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாகக் கருத அனுமதி கேட்டு, குறுக்கு விசாரணை செய்யலாம். உண்மை சொன்னவர் பல்டி அடித்தவராகத் தெரிவார்.

இரண்டாவது, அவர் சிவப்புச் சட்டை பற்றிச் சொல்லியும் ரைட்டர் எழுதாமல் விட்டிருக்கிறார். கோர்ட்டில் அவர் சிவப்புச் சட்டை என்றதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "இதை போலீஸ் விசாரணையில் நீங்கள் சொல்லவில்லை" என்பார். பிறகு விசாரணை அதிகாரி கூண்டில் ஏறும்போது அவரிடமும் இதையே கேட்பார். அவர் கேஸ் கட்டைப் பார்த்து "சொல்லவில்லை" என்றால் அது முரண்பாடாகப் பதிவாகும். முக்கியமான விஷயம் விடுபடுவதையும் முரண்பாடாக எடுத்துக்கொள்ள சட்டம் இடம் தருகிறது. குற்றவாளி தப்பிப்பதும், அப்பாவி சிக்குவதும் சில நேரம் இப்படி ஒரு வரியால்தான்.

மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் என்பது வேறு

சில வழக்குகளில் சாட்சியை போலீசாரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போவார்கள். பழைய 164, இப்போது 183-வது பிரிவு. 10 ஆண்டுகள் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்கள், ஆயுள், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் என்றால், போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது புதிய சட்டத்தின் சேர்க்கை.

இங்கே சத்தியப்பிரமாணம் உண்டு. கையெழுத்தும் போட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னால் பொய் சாட்சிய வழக்கு வரலாம். "ஸ்டேஷன்ல சொன்னதையே இங்கயும் சொல்லிடு" என்று யாராவது சொல்லி அனுப்பினாலும், மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும். ஸ்டேஷனில் தவறாக எழுதியிருந்தால் அதையும் அவரிடமே சொல்லலாம்.

ஸ்டேஷனில் உட்கார வைத்தால்?

சாட்சி கைதி அல்ல. அவரை லாக்கப்பில் வைக்கவோ, ராத்திரி முழுக்க உட்கார வைக்கவோ, போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு வீட்டாரிடம் பேச விடாமல் தடுக்கவோ சட்டத்தில் இடமில்லை. விசாரணை முடிந்ததும் கிளம்பலாம். ஆளைக் காட்டாமல் வைத்திருந்தால், குடும்பத்தினர் எஸ்.பி. அலுவலகத்தில் புகார் செய்யலாம், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்யலாம்.

வழக்கறிஞரைக் கூட அழைத்துப் போகலாமா என்ற கேள்வி பலருக்கு உண்டு. சாட்சிக்கென்று சட்டத்தில் இதற்குத் தனி விதி இல்லை. ஆனால் கேட்கலாம். விசாரணை நடக்கும் அறைக்குள் விடாவிட்டாலும், வெளியில் ஒருவர் காத்திருப்பதைத் தடுக்கக் காரணம் இல்லை.

சாட்சி சொன்னதற்காக மிரட்டல் வந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு, மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்று போலீஸ் தரும் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யும்.

இன்னொன்று. இவை எல்லாம் போலீஸ் விசாரணைக்கான விதிகள். அமலாக்கத் துறை சம்மன் அனுப்பினால் அது வேறு சட்டம். அங்கே கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்தும் உண்டு, கோர்ட்டில் அதை ஆதாரமாகவும் பயன்படுத்த முடியும். அதனால் கையில் இருப்பது யாருடைய நோட்டீஸ், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.